நன்றியுரையா, இரண்டாவது அறிமுக உரையா?

கல்லூரிகளில் ஆண்டு விழாக் காலம் இது. உங்களில் ஏழெட்டுப் பேராவது இப்போது கல்லூரி ஆசிரியர்கள். பணியில் இளையவர் என்பதாலேயே நன்றியுரை உங்கள் தலையில் விழும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் நன்றியுரைகளில் பெரும்பாலானவை நன்றியுரைகளே அல்ல. சிறப்பு விருந்தினரின் பட்டம், பதவி, வாங்கிய விருது எல்லாவற்றையும் வரவேற்புரையில் ஒருவர் சொல்லிவிடுகிறார். அறிமுக உரையில் இன்னொருவர் விரிவாகச் சொல்கிறார். தலைமையுரையில் முதல்வரும் தன் பங்குக்குத் தொட்டுவிடுகிறார். பரிசளிப்பும் முடிந்து, கிராமத்துப் பிள்ளைகள் பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்று பையைத் தோளில் மாட்டும்போது, நன்றி சொல்ல வந்தவர் அதே பட்டியலை நான்காம் முறை தொடங்குகிறார். விருந்தினர் முகத்தைப் பாருங்கள். மேசை மேலிருக்கும் தண்ணீர்ப் பாட்டிலைத் திருகிக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமானது, பேச்சைக் கேட்பதற்கு முன்பே பேச்சைப் பாராட்டி எழுதி வைப்பது. சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) விருந்தினர் தாமதமாக வந்தார். அவசர வேலை என்று நான்கே நிமிடம் பேசி அமர்ந்தார். நன்றியுரையில் அவர் “நீண்டதோர் ஆழமான சிறப்புரை” ஆற்றியதாக வந்தது. பின்வரிசைப் பையன்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முதல் நாளே தட்டச்சு செய்த தாளில் வேறென்ன இருக்கும்? “அரிய கருத்துகளை வழங்கிய”, “பொன்னான நேரத்தை ஒதுக்கிய” என்று காதில் விழுந்தால், எழுதியவர் பேச்சைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

“விருந்தினரைப் புகழாவிட்டால் நிர்வாகம் வருத்தப்படுமே, சார்” என்பீர்கள். புகழ வேண்டிய இடம் அறிமுக உரை. அது முடிந்துவிட்டது. விருந்தினருக்கு இனி வேண்டியது தான் பேசியதை ஒருவராவது கேட்டார் என்பதற்கு ஒரு சான்று. அதைத் தர உங்களால் மட்டும்தான் முடியும். ஏனென்றால் அவருக்குப் பிறகு மேடையில் பேசப்போவது நீங்கள்தான்.

ஆகவே தாளில் முதல் மூன்று வரிகளைக் காலியாக விடுங்கள். அவர் பேசும்போது பேனாவோடு உட்காருங்கள். அரங்கம் எந்த இடத்தில் அமைதியானது, எந்த இடத்தில் கைதட்டியது என்று கவனித்து அந்த ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை முன்கூட்டியே எழுதலாம். ஒரு மாதிரி தருகிறேன்:

“ஐயா, முதலாண்டில் இரண்டு தாள்களில் அரியர் வைத்ததாகச் சொன்னீர்கள். அப்போது கடைசி வரிசையில் எழுந்த கைதட்டல் உங்களுக்கும் கேட்டிருக்கும். அதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஆண்டறிக்கையில் ஒரு வரியாக வந்த தேசிய முகாமுக்குப் பின்னால், விடுமுறை நாள்களிலும் மாணவர்களைத் தயார்படுத்திய உடற்கல்வித் துறையின் உழைப்பு இருக்கிறது. அவர்களுக்கு நன்றி. நேற்றிரவு மழையில் நனைந்த பந்தலை விடிவதற்குள் மறுபடி கட்டிய பந்தல்காரர்களுக்கும், மின்சாரம் போன ஒரு நிமிடத்துக்குள் ஜெனரேட்டரை ஓட்டிய எங்கள் எலக்ட்ரீஷியனுக்கும், விழா முடிந்தபின் இந்த அரங்கைப் பெருக்கப்போகும் அம்மாக்களுக்கும் நன்றி. இவ்விழாவுக்கு இடமும் பொருளும் தந்த நிர்வாகத்துக்கும், முன்நின்று நடத்திய முதல்வருக்கும், பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் நன்றி. வணக்கம்.”

நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். இதில் விருந்தினரின் பதவி ஒருமுறைகூட வரவில்லை. குறைந்துபோனாரா?

பெயர்களில் கவனம் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து செய்த வேலைக்கு இரண்டு பேரின் பெயரைச் சொன்னால் மற்ற எட்டுப் பேருக்கு அது வலி. அங்கே வேலையைச் சொல்லுங்கள், பெயரை விடுங்கள். ஒருவரே தனியாகச் செய்ததானால் பெயர் சொல்லலாம். அதன் இனிஷியலையும் உச்சரிப்பையும் அவரிடமே முதல் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். சில கல்லூரிகளில் நிர்வாகிகளைப் பதவி வரிசைப்படி பெயர் சொல்லியே தீரவேண்டும். அங்கே சண்டைக்குப் போகாதீர்கள். அடைமொழி இல்லாமல் வரிசையாகச் சொன்னால் அரை நிமிடம்தான். வள்ளல், செம்மல், சிகரம் எல்லாம் சேரும்போதுதான் அது ஐந்து நிமிடமாகிறது.

இந்த மாதம் யாருக்காவது நன்றியுரை விழுந்திருந்தால் எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடைமொழிகளை நானே அடித்துத் தருகிறேன். சிவப்பு மை இன்னும் இருக்கிறது.