இலைக்கு எவ்வளவு, அண்ணாச்சி?



ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். திருநெல்வேலியில் மண்டபம் பிடித்தாயிற்று. சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்று உங்களிடம் மூன்று தடவை போனில் கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் "நம்ம வீட்டுக் கல்யாணம்லா, பாத்துச் செய்வோம்" என்றீர்கள். மனசு குளிர்ந்துதான் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிகிறது, கையில் ஒரு நம்பரும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இலைக்கு 280 என்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இலை என்றால் எந்த இலை? போன வருஷம் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் வேறொருவர் சமையல். அன்றும் 280 ரூபாய்தான் பேச்சு. நூறு இலைக் கட்டு ஆறு இறக்கினார்கள், கடைசியில் 40 இலை மிச்சம். ஆக 560 இலை என்று பில் வந்தது. நான் பந்தி வாசலிலேயே நின்றவன். 70 பேர் உட்காரும் பந்தி ஆறு, ஏழாவதான கடைசிப் பந்தியில் 38 பேர். சாப்பிட்டவர்கள் 458 பேர்தான். மீதி 102 இலை எங்கே போனது? கிழிந்த இலை, ஆள் வராமலே போட்டு எடுத்த இலை, சமையல் ஆட்கள் சாப்பிட்ட இலை, மேளக்காரர், வீடியோக்காரர், டிரைவர்கள், போதாதற்கு வடைத் தட்டுக்கு அடியில் விரித்த இலை. எல்லாவற்றுக்கும் முழுச் சாப்பாட்டு விலை போட்டு 28,560 ரூபாய். வடை வைத்த இலைக்குப் பாயாசமும் ஊற்றினார்களா என்று தம்பி கேட்டான். அவர்கள் சிரித்தார்களே தவிர, பில்லைக் குறைக்கவில்லை.

ஆகவே முதலில் இதைச் சொல்லுங்கள்: கட்டுக் கணக்கா, ஆள் கணக்கா? என் விருப்பம் ஆள் கணக்குத்தான். ஒவ்வொரு பந்தியும் எழுந்திருக்கும் முன் உங்கள் ஆளும் என் மைத்துனரும் சேர்ந்து எண்ணி, ஒரே நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடட்டும். மேளக்காரர், டிரைவர்களுக்கு நான் தருகிறேன். உங்கள் ஆட்கள் சாப்பாடு உங்கள் கணக்கில். குழந்தைக்குத் தனி இலை போட்டால் என்ன விலை, அதையும் எழுதுங்கள். 400 இலை குறைந்தபட்சம் என்பீர்கள் என்றால், எத்தனை நாள் முன்னால் சொன்னால் அதைக் குறைப்பீர்கள்?

அடுத்தது, அந்த 280-க்குள் என்னென்ன வரும்? அவியல், கூட்டு, பருப்பு, சாம்பார், ரசம், இதெல்லாம் யாரும் மறக்க மாட்டார்கள். தகராறு வருவது நெய், அப்பளம், வடை, பாயாசம் இரண்டாம் முறை கேட்கும்போது. "ஒரு தடவைதான் பேச்சு" என்று பரிமாறுகிறவர் சொல்லிச் சம்பந்தி வீட்டார் முகம் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன். எது கேட்கக் கேட்க, எது ஒரு தடவை என்று பெயர் பெயராக எழுதுங்கள்.

மறுநாள் சொதிச் சாப்பாடும் உங்களிடம்தான். நம் ஊர்க் கல்யாணத்தில் சாம்பார் கெட்டாலும் மன்னிப்பார்கள், சொதி கெட்டால் பேரப்பிள்ளை காலம்வரை பேசுவார்கள். தேங்காய் விலை ஏறியது எனக்கும் தெரியும். விலை ஏறியதும் சொதியில் பாலைக் குறைத்து மாவு கரைத்துவிடுவது நடக்கிறது. காய் மூன்றாம் பாலில் வேக வேண்டும், முதல் பால் கடைசியில், இறக்கும் நேரத்தில். மாவுச் சொதியை ஆறவிட்டால் கூழ் மாதிரி உறைந்துவிடும், அப்போதே தெரிந்துவிடும். நூறு பேருக்கு எத்தனை தேங்காய் போடுவீர்கள், அன்று காலை விலை ஏறினால் அது யார் பொறுப்பு என்று இப்போதே பேசிவிடுவோம். தேங்காயை நானே வாங்கித் தரவும் தயார், அப்படியானால் இலைக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?

கடைசியாக, பில்லின் அடியில் பொடி எழுத்தில் முளைப்பவை. தண்ணீர் பாட்டில், கேஸ், பாத்திர வாடகை, வண்டி வாடகை, முதல்நாள் இரவு காய் நறுக்க வருகிறவர்கள் கூலி, ஐஸ்கிரீம், பீடா, ஜிஎஸ்டி. இவற்றில் எது உள்ளே, எது வெளியே? வெளியே என்றால் தொகையோடு. மண்டபத்தார் எச்சில் இலை அள்ளக் காசு கேட்டால் அது யார் தலையில்? பரிமாறுகிறவர்களுக்கு "சந்தோஷம்" கொடுப்பேன், நானாகத்தான் கொடுப்பேன், பில்லில் ஏற்றாதீர்கள். மிச்சம் விழுகிற சாம்பாரையும் சோற்றையும் என்ன செய்வது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் ஏமாற்றுவீர்கள் என்று சொல்லவில்லை அண்ணாச்சி. உங்கள் கைப்பக்குவத்துக்குத்தான் உங்களைத் தேடி வந்தேன். முன்பணம் எடுத்து வைத்திருக்கிறேன், பதில் வந்த அன்றே தருகிறேன். ஆனால் பதிலை எழுதித்தான் அனுப்ப வேண்டும். போனில் நீங்கள் பேசினால் எல்லாம் சரி என்றே எனக்கும் தோன்றிவிடுகிறது.