கல்ச்சரில் கிருமி, அத்தைக்கு ஒன்றுமில்லை



உத்தமபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, வயது 76. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. தேனிக்குப் போய் முழு உடல் பரிசோதனை செய்த இடத்தில் சிறுநீரில் சீழ் செல் 15-20 என்று வந்திருக்கிறது. உடனே கல்ச்சர். ஈ.கோலை கிருமி, ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை. மறுபடி கல்ச்சர், மறுபடி ஈ.கோலை. மாத்திரையை மாற்றினார்கள், அத்தைக்கு வயிற்றால் போனது. மூன்றாவது ரிப்போர்ட்டில் பாதி மருந்துகளுக்கு நேரே 'ஆர்' என்று அச்சாகியிருந்ததாம். அந்த மருந்துகள் கேட்காது என்று அர்த்தம். இப்போது ஏழு நாள் ஊசி போடச் சொல்கிறார்கள். "போட்டுக்கிறதா வேண்டாமா சார்?" என்று கேட்கிறார்.

கடிதம் மூன்று பக்கம். அதில் ஒரே ஒரு விஷயம்தான் இல்லை: அத்தைக்கு என்ன தொந்தரவு? போன் போட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லையே சார். விடிஞ்சதும் வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிருவாங்க" என்றார். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடிவயிற்று வலி இல்லை, விலாவில் வலி இல்லை. பரிசோதனைக்கு முன்னாலும் இல்லை, இப்போதும் இல்லை.

நாலு பேருக்குப் பயன்படும் என்பதால் பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

சிறுநீர்ப்பையில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் எழுபது தாண்டிய பெண்களில், வீட்டில் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருப்பவர்களிலேயே, பத்தில் ஒருவருக்கோ இன்னும் சற்று அதிகமானவர்களுக்கோ கல்ச்சரில் கிருமி வளரும். முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் கால் பங்கிலிருந்து பாதி பேர் வரை இப்படித்தான். மாதக்கணக்கில் சிறுநீர் ட்யூப் போட்டிருப்பவர்கள் என்றால் ஏறக்குறைய எல்லோருக்குமே. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பிறப்புறுப்புப் பகுதியில் காவலுக்கு இருந்த நல்ல பாக்டீரியா குறைந்து, குடலிலிருந்து வரும் ஈ.கோலைக்கு இடம் கிடைக்கிறது. ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீங்குவதால் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் கொஞ்சம் தங்கிவிடுகிறது. கிருமி அங்கே குடியேறுகிறது, ஆனால் திசுவைத் தாக்குவதில்லை. சீழ் செல் இருப்பதும் இதன் கூடவே வருவதுதான். கிருமி குடியிருக்கும் முதியவர்களில் பெரும்பாலோருக்குச் சீழ் செல்லும் இருக்கும். அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதும் அப்படித்தான்.

அந்த 'ஒரு லட்சம்' கணக்குக்கு ஒரு கதை உண்டு. 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் வகுத்த எல்லை அது. பாட்டிலில் பிடிக்கும்போது தோலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கிருமியா, பைக்குள்ளேயே இருந்த கிருமியா என்று பிரித்துப் பார்க்க அது உதவியது. கிருமி எங்கே இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். மாத்திரை வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

அந்தக் கேள்வியைத் தனியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. கனடாவில் லிண்ட்சே நிக்கோல் குழுவினர் 1987-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, தொந்தரவு இல்லாத, ஆனால் கல்ச்சரில் கிருமி வந்த 50 பெண்கள். பாதிப் பேருக்குக் கிருமி தென்பட்டபோதெல்லாம் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லை. இப்படி ஒரு வருடம் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு நீர்த்தாரைத் தொற்று குறையவும் இல்லை, ஆயுள் கூடவும் இல்லை. கூடியவை வேறு: பக்கவிளைவுகள், திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த புதுக் கிருமிகள், அவற்றில் மருந்துக்கு அடங்காதவை. உத்தமபாளையத்து அத்தைக்கு நடந்ததும் இதேதான். மூன்றாவது ரிப்போர்ட்டில் இருந்த 'ஆர்' பெரும்பாலும் முதல் இரண்டு மாத்திரைகளின் வேலையாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. ஸ்வீடனில் ஒரு சிறுமியின் சிறுநீர்ப்பையில் மூன்று ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் ஒரு ஈ.கோலை வாழ்ந்திருக்கிறது. 83972 என்று எண் கொடுத்து அதை வளர்த்து, அடிக்கடி தொற்று வந்து அவதிப்படுகிற நோயாளிகளின் பையில் மருத்துவர்களே செலுத்திப் பார்த்தார்கள். அது தங்கியிருந்த காலத்தில் அவர்களுக்குத் தொற்று குறைந்தது. சாதுவான கிருமி உட்கார்ந்திருக்கும் இடத்தில் முரட்டுக் கிருமிக்கு இடம் கிடைப்பதில்லை. அதைத்தான் நாம் மாத்திரை போட்டு விரட்டுகிறோம்.

'ஆர்' நிறைய இருந்தால் கிருமி கொடியது என்று பயந்துவிடுகிறோம். மருந்துக்கு அடங்காததும் உடம்பைத் தாக்குவதும் வேறு வேறு குணங்கள். எல்லா மருந்துக்கும் 'ஆர்' வாங்கிய கிருமியும் பையில் பேசாமல் கிடக்கலாம். ஆனால் அதை அழிக்கப் போடும் ஊசி பேசாமல் கிடக்காது. அமிகாசின் முதியவர்களின் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கக்கூடியது. மாத்திரைகளில், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம், குதிகால் தசைநாரையும் பாதிக்கலாம்.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2019-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. தொந்தரவு இல்லாத முதியவர்களுக்குக் கல்ச்சரே எடுக்க வேண்டாம், எடுத்துக் கிருமி வந்தாலும் மருந்து வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதேதான். விதிவிலக்கு முக்கியமாக இரண்டு. ஒன்று, கர்ப்பிணிகள். அதே ரிப்போர்ட் அத்தையின் பேத்திக்கு மாசமாக இருக்கும்போது வந்திருந்தால் மருந்து கட்டாயம், ஏனென்றால் அங்கே கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடக்கூடும். இன்னொன்று, ப்ராஸ்டேட்டைச் சுரண்டுவது, கல் எடுப்பது போல நீர்த்தாரைக்குள் கருவி விட்டுச் செய்யும் அறுவை. கண்புரைக்கோ மூட்டுக்கோ செய்யும் ஆபரேஷன் இதில் சேராது.

வீடுகளில் அதிகம் குழம்புவது ஒரு கட்டத்தில்தான். பெரியவர் திடீரென்று மாற்றிப் பேசுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை. கல்ச்சரில் கிருமி வந்ததும் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்' என்று முடித்துவிடுகிறோம். காய்ச்சலோ சிறுநீர்த் தொந்தரவோ இல்லாவிட்டால் வேறு காரணங்களைத் தேட வேண்டும்: சர்க்கரை இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரையாக இருக்கலாம், தண்ணீர் குடிக்காததாலோ மலச்சிக்கலாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டதாலோ இருக்கலாம். கிருமியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் இவற்றை யாரும் பார்க்க மாட்டார்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், புதிதாக எரிச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், நிற்க முடியாத அளவுக்கு ரத்த அழுத்தம் இறங்குவது, இவற்றில் எது வந்தாலும் கதையே வேறு. கம்பம் அரசு மருத்துவமனையோ க.விலக்கு மருத்துவக் கல்லூரியோ, அன்றைக்கே போய்விட வேண்டும்.

வாசகிக்கு: ஊசி எழுதிய டாக்டரிடமே திரும்பப் போங்கள். "அத்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஊசி இல்லாமல் பார்த்துக்கொண்டு இருக்கலாமா?" என்று நேராகவே கேளுங்கள். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தவருக்கு அத்தை கோலம் போடுவது தெரிந்திருக்காது. அவர் சரி என்றால், கிருமி போய்விட்டதா என்று பார்க்க நாலாவது கல்ச்சர் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்