பலாப்பழமும் கொஞ்சம் எண்ணெயும்

போன ஞாயிற்றுக்கிழமை பாயான் பாரு சந்தையில் எட்டுக் கிலோ பலாப்பழம் ஒன்று வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் என் கணவர் மெல்ல வேறு அறைக்கு நழுவினார். காரணம் உண்டு. முதல் முறை நான் பலா வெட்டியபோது கத்தி, கை, குழாய்ப்பிடி எல்லாம் ஒரே பிசின். சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அப்போது பாடம் சொன்னவர் என் மாமியார். இளவயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "இதுவும் அந்தப் பால் மாதிரிதாம்மா. தண்ணி பட்டா போகாது, எண்ணெய்க்குத்தான் மசியும்" என்றார். உண்மைதான். பலாப்பாலிலும் ரப்பரும் பிசினும் இருக்கின்றன. அவை நீரில் கரையாது, எண்ணெயில் இளகும். எண்ணெயை முதலிலேயே தடவிவிட்டால் பால் ஒட்டவே ஒட்டாது.

அடுத்த முறை அதையும் தப்பாகச் செய்தேன். கத்தியின் கைப்பிடியிலும் எண்ணெய் பட்டுவிட்டது. கெட்டித் தோலில் அழுத்தியபோது பிடி வழுக்கி, விரலில் வெட்டு. அன்றிலிருந்து வரிசையை மாற்றவில்லை.

முதலில் மேசையில் பழைய நாளிதழை நாலைந்து தாளாக விரிக்கிறேன். நீளமான கத்தியின் அலகில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். சமையல் எண்ணெய் எதுவானாலும் சரி. பழத்தைப் பிடிக்கும் இடது கையிலும் கொஞ்சம். கத்தி பிடிக்கும் வலது கை காய்ந்தே இருக்க வேண்டும்.

பழத்தைக் காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக்குகிறேன். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் கசியும். உடனே காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீரில் கழுவக் கூடாது. அலகு இழுபட்டு நகர்ந்தால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். துடைத்துவிட்டு மீண்டும் தடவுங்கள்.

பால் அதிகம் வருவது நடுத்தண்டிலிருந்து. நான்கு துண்டுகளிலும் அந்தத் தண்டை ஒரே சீவாகச் சீவி எறிந்தால் பாதி வேலை முடிந்தது. இனிக் கத்தி வேண்டாம். இப்போதுதான் இரண்டு கைகளிலும், விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும்கூட, நன்றாக எண்ணெய் தடவிக்கொள்கிறேன். தோலைப் பின்பக்கமாக வளைத்தால் சுளைகள் விரிந்து தாமாக வரும்.

பழம் முழுக்கப் பழுத்திருந்தால் பாலும் குறையும். வாசம் தூக்கலாக வர வேண்டும். அழுத்தினால் தோல் லேசாக அமுங்க வேண்டும். காயாக இருந்தால் எண்ணெயும் ஓரளவுதான் உதவும். இரண்டு நாள் காத்திருப்பது நல்லது.

கடைசியில், கையை நனைக்கும் முன் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்து, காகிதத்தால் துடையுங்கள். பிறகுதான் பாத்திரச் சோப்பு. கத்திக்கும் அதே முறைதான்.

சுளைகள் தட்டுக்கு வந்ததும் என் கணவரும் வந்துவிட்டார். கொட்டைகளை உரிக்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டேன்.