இடைநிறுத்தத்தை மறைக்க வேண்டாம். அதன் முடிவையும் சேர்த்து எழுதுங்கள்

தோட்டத்தை விட்டு வெளியே வேலை தேடும் நமது பிள்ளைகள் நிரப்பும் விண்ணப்பப் படிவங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "முன்னைய தொழிலில் இடைநிறுத்தப்பட்டோ, ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்பட்டோ இருக்கிறீர்களா?" என்பதுதான் அது. பெரும்பாலும் "இல்லை" என்றே எழுதப்படுகிறது. படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். டவுனில் உள்ள கொமியூனிகேசன் கடையில் கொடுத்து நிரப்பச் சொல்வோம். கடைக்காரத் தம்பி, ஆம்–இல்லை என்று வரும் கட்டங்களில் எல்லாம் மேலிருந்து கீழ்வரை "இல்லை" போட்டுக்கொண்டே போவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு நமது கதை தெரியாது. ஆனால் கீழே கையொப்பம் வைப்பவர் நாம். அந்தக் கையொப்பத்துக்கு மேலே, தந்த விபரங்கள் உண்மை என்றும், பொய்யெனத் தெரிந்தால் தெரிவுக்கு முன் தகுதியிழப்பும் நியமனத்துக்குப் பின் வேலைநீக்கமும் நேரலாம் என அறிவேன் என்றும் ஒரு வாசகம் இருக்கும். அரசாங்க விண்ணப்பங்களில் இது வழக்கமாகவே உண்டு.

எமது சங்கத்திடம் வந்த ஒரு விடயத்தைச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓர் இளைஞருக்கும் மேலதிகாரி ஒருவருக்கும் வாய்த்தர்க்கம் ஏற்பட்டது. மறுநாள் இடைநிறுத்தக் கடிதம் கையில் வந்தது. பின்னர் குற்றப்பத்திரம் கொடுத்தார்கள். அதில் இரண்டு குற்றச்சாட்டுகள்: கட்டளைக்குக் கீழ்ப்படியாமை, அதிகாரியை அச்சுறுத்தியமை. விசாரணையில் நமது மாவட்டப் பிரதிநிதி கூட இருந்தார். அச்சுறுத்தியதாகச் சாட்சி சொல்ல எவரும் வரவில்லை. முதலாவது குற்றச்சாட்டுக்கு மட்டும் கடும் எச்சரிக்கை என்று முடிந்தது. மூன்று வாரத்தின் பின், "நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க" என்று துரை வாயால் சொன்னார். அவரும் போனார். அத்தோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இரண்டு வருடங்களின் பின் அவருக்குக் கொழும்புப் பக்கம் ஒரு கம்பனியில் களஞ்சிய வேலை கிடைத்தது. படிவத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தார். தோட்ட வேலையை விட்டுவிட்டுப் போய், தகுதிகாண் காலத்தில் மூன்றாவது மாதம் வேலை செய்துகொண்டிருந்தபோது கம்பனியிலிருந்து தோட்டக் கந்தோருக்கு விசாரித்து எழுதினார்கள். கந்தோரில் இருந்தவர் கோப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே இடைநிறுத்தக் கடிதம் இருந்தது, குற்றப்பத்திரம் இருந்தது. விசாரணை முடிவு எழுத்தில் இல்லை. "அதிகாரியை அச்சுறுத்தியதாக இடைநிறுத்தப்பட்டவர்" என்று பதில் போய்விட்டது. கம்பனி அவரைக் கூப்பிட்டுக் கேட்டது அச்சுறுத்தல் பற்றி அல்ல. ஏன் "இல்லை" என்று எழுதினீர்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. வேலை போனது. தோட்டத்தில் திரும்பப் பெயர் பதிய அலைந்தபோது, லயத்துக் காம்பிராவையும் விட வேண்டுமா என்ற கேள்வி வந்தது.

இங்கே இரண்டு கோளாறுகள் உண்டு. ஒன்று, படிவத்தில் எழுதிய பொய். மற்றது, கோப்பில் இல்லாமல் போன கடிதம். நமது ஆட்கள் முதலாவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் இரண்டாவதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. முடிவுக் கடிதம் கையில் இருந்திருந்தால் அவர் "ஆம்" என்று எழுதப் பயந்திருக்க மாட்டார்.

விசாரணை முடியும்வரை ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பது தண்டனை அல்ல. விசாரணையின் பின் தண்டனையாகச் சில நாட்கள் நிறுத்துவது வேறு. இரண்டையும் நாம் "சஸ்பெண்ட்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். படிவத்தைப் படிப்பவருக்கும் அப்படியே ஒன்றாகத் தெரியும், நாம் பிரித்து எழுதாவிட்டால். ஆகவே "ஆம்" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். அந்த இளைஞர் இப்படி எழுதியிருக்கலாம்: "ஆம். வாய்த்தர்க்கம் ஒன்று தொடர்பாக விசாரணை முடியும்வரை மூன்று வாரம் இடைநிறுத்தப்பட்டேன். இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்று நிரூபிக்கப்படவில்லை, மற்றதற்கு எச்சரிக்கை வழங்கப்பட்டது. மீண்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டு, நானாக விலகும்வரை வேலை செய்தேன். கடிதத்தின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது." இடம் போதாவிட்டால் "இணைப்பைப் பார்க்க" என்று எழுதித் தனித்தாளில் வைக்கலாம். மேலதிகாரியைத் திட்டுவதோ, நியாயம் பேசுவதோ அங்கே வேண்டாம்.

மறைத்தால் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கந்தோர்க் கோப்பு மட்டும் பேசுவதில்லை. நிறுத்தப்பட்ட நாட்களில் செக்ரோலில் பெயர் விழாது. அந்த மாதச் சம்பளம் குறையும். முழு மாதமும் நிறுத்தப்பட்டிருந்தால் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலும் அந்த மாதம் வெறுமையாக இருக்கும்.

அதே வேளை, கேட்காத இடத்தில் போய்ச் சொல்லவும் வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிட, நற்சான்றிதழ் வேறு விடயம். அதில் முக்கியமாகப் பார்க்கப்படுவது நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா என்பது. பொலிஸ் சான்றிதழும் பொலிஸ் பதிவுகளைப் பார்த்துத் தரப்படுவது. தோட்டத்து இடைநிறுத்தம் நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. பொலிஸில் முறைப்பாடு இருந்து மத்தியஸ்த சபையில் சமாதானமாக முடிந்திருந்தால் அதுவும் குற்றத்தீர்ப்பு அல்ல. ஆனால் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியிருந்தால், "சும்மா ஃபைன் தானே" என்று தள்ளிவிடாமல் வழக்கு இலக்கத்தோடு எங்களிடம் வாருங்கள். நீதிமன்றப் பதிவேட்டில் என்ன முடிவு எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பத்தாம் வகுப்பில் இரண்டு கிழமை நிறுத்தப்பட்ட பிள்ளைக்காக, அதிபரின் நற்சான்றிதழை எப்படியாவது வேறு இடத்தில் எடுக்கலாமா என்று அலையும் பெற்றோரைப் பார்க்கிறோம். நேரே அதிபரிடம் போய், நடந்ததையும் பிள்ளை அதன் பின் ஒழுங்காகப் படித்து முடித்ததையும் சேர்த்து எழுதித் தரக் கேளுங்கள். போலிச் சான்றிதழ் பிடிபட்டால் பொலிஸ் வழக்காகும். இரண்டு கிழமை இடைநிறுத்தம் ஒருபோதும் அப்படி ஆகாது.

உண்மையை எழுதினால் எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. சில கம்பனிகள் "ஆம்" என்று பார்த்தவுடனேயே படிவத்தை ஒதுக்கிவிடும். அது அநியாயம்தான். ஆனால் அந்த மறுப்பு, தோட்டத்தில் பெயர் இருக்கும்போதே, காம்பிரா கையில் இருக்கும்போதே வரும். மற்றது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போன பிறகு வரும்.

இடைநிறுத்தப்பட்டு வாய்ப்பேச்சில் மட்டும் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் எமது அங்கத்தவர்களில் பலர். இந்த மாதமே துரைக்கு எழுதுங்கள். இடைநிறுத்தப்பட்ட திகதி, விசாரணை நடந்த திகதி, மீண்டும் வேலைக்கு வந்த திகதி ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, முடிவை எழுத்தில் தருமாறு கேளுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் கந்தோரின் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். திகதி ஞாபகம் இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளத் துண்டைத் தேடிப் பாருங்கள், அல்லது விசாரணைக்கு வந்த பிரதிநிதியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் முத்திரை வைத்த பிரதியைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். சங்கத்தின் கடிதத் தலைப்பில் நாம் மீண்டும் எழுதுவோம்.