பூச்சி மாத்திரை ஆறு மாதம் தாங்காது. தெரு மாறாத வரை

"மிட்டாயா வாங்கித் தின்னா வயித்துல பூச்சி வராம என்ன செய்யும்?" ஆமத்தூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகனைப் பற்றி ஒரு அம்மா என்னிடம் சொன்னது இது. அவர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். விடிந்ததும் வேன் வந்துவிடும். பிப்ரவரியில் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் பையனுக்கு மலத்தோடு புழு வெளியேறியது. ஜூனில் பள்ளி திறந்த சமயத்தில் மறுபடியும் வயிற்றுவலி, மறுபடியும் புழு. போய்க் கேட்டதற்கு அவருக்குக் கிடைத்த பதில், "வீட்டைச் சுத்தமா வச்சுக்கங்கம்மா" என்பதுதான். அன்றிலிருந்து அவர் மிட்டாயையும் தன்னையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிட்டாய்க்கும் குடற்புழுவுக்கும் சம்பந்தமில்லை. அந்த அம்மாவின் சுத்தத்துக்கும் சம்பந்தம் குறைவு. அந்தப் பையனுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை நாட்கணக்கோடு பார்த்தால்தான் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

2015 முதல் ஒன்றிய அரசு தேசியக் குடற்புழு நீக்க நாளை நடத்துகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என ஆண்டுக்கு இரண்டு முறை. தரப்படுவது அல்பெண்டசோல். 2 வயது முதல் 19 வயது வரை 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு அதில் பாதி. மாத்திரையை மென்று தின்ன வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பொடித்து நீரில் கலக்கித் தர வேண்டும், முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அன்று காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்கும், பள்ளிக்கு வராத குழந்தைக்கும் சில நாள் கழித்து இன்னொரு நாளில் தர ஏற்பாடு உண்டு. மாத்திரை தின்ற சிலருக்குக் குமட்டலோ வயிற்றுவலியோ வரலாம். புழு அதிகம் உள்ள குழந்தைக்கே இது அதிகம் வரும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

இது நல்ல திட்டம். உருளைப்புழுவை இந்த ஒரு மாத்திரை ஏறக்குறைய முழுவதுமாக வெளியேற்றிவிடும். கொக்கிப்புழுவிடம் பெருமளவு பலிக்கும். சாட்டைப்புழுவிடம்தான் ஒரே வேளை மாத்திரை பெரும்பாலும் தோற்கிறது. ஆனால் மாத்திரைக்கு ஓர் எல்லை உண்டு. அது தடுப்பூசி அல்ல. அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவை அது விரட்டும், நாளைக்கு வரப்போகும் புழுவை அதனால் எதுவும் செய்ய முடியாது.

இப்போது அந்தப் பையனின் கணக்குக்கு வருவோம். பிப்ரவரி 10 அன்று மாத்திரை தின்கிறான், வயிறு சுத்தமாகிறது. பத்து நாள் கழித்துத் தெருக்குழாயடி ஈரமண்ணில் விளையாடிவிட்டு, கழுவாத கையோடு எதையோ வாயில் போடுகிறான். அந்த மண்ணில் உருளைப்புழுவின் முட்டை இருக்கிறது. முட்டை குடலில் பொரிந்து, அதன் இளம்புழு ரத்தத்தில் ஏறி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய், இருமும்போது தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடியும் குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே வளர்ந்து முட்டையிட இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஆக மே மாதத்தில் அவன் வயிற்றில் முட்டையிடும் புழு இருக்கிறது. அடுத்த மாத்திரை ஆகஸ்ட் 10 அன்றுதான். இடையில் மூன்று மாதம். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். தொண்ணூறு நாளைக்கு ஒரு கோடியே எண்பது லட்சம். இது ஒரே ஒரு புழுவின் கணக்கு.

அந்த முட்டை வெளியே வந்ததும் தொற்றாது. மண்ணில் இரண்டு, மூன்று வாரம் கிடந்து பக்குவப்பட வேண்டும். கழிவறைக் குழிக்குள் போய்விட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். கருவேலங்காட்டு ஓரத்திலோ திறந்த சாக்கடையிலோ சேர்ந்தால், மழைநீரோடும் காலடியோடும் தெருவுக்கு வரும். வெயிலில் காய்ந்தால் முட்டை செத்துவிடும். நிழலும் ஈரமும் கிடைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கரிசல் மாதிரியான களிமண் அதற்கு நல்ல இருப்பிடம். இந்த வெயில் ஊரில் நிழலும் ஈரமும் சேர்ந்து கிடைப்பது எங்கே? கருவேலம் புதரடியில், சாக்கடை ஓரத்தில், சொட்டும் குழாயடியில். அதாவது பெரியவர்கள் ஒதுங்கும் இடத்திலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும்.

மாத்திரை தின்ற பிறகு எத்தனை பேருக்குப் புழு திரும்புகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2012இல் வெளிவந்தது. உருளைப்புழுத் தொற்று ஆறு மாதத்தில் பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்கையும், ஓராண்டில் ஏறக்குறைய பழைய அளவையும் எட்டிவிடுகிறது. அந்த அம்மாவின் அனுபவம் அவர் வீட்டுப் பிழை அல்ல என்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி திரும்புகிறதா? இல்லை. வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அதில் 38 பள்ளிகள். சராசரி 7.8 விழுக்காடு. கேட்டால், 'பரவாயில்லையே, குறைவுதானே' என்று தோன்றும். ஆனால் பள்ளிவாரியாகப் பார்த்தால் ஒரு பள்ளியில் ஒரு குழந்தைக்குக்கூட இல்லை, இன்னொரு பள்ளியில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு இருக்கிறது. கழிவறையைத் தவறாமல் பயன்படுத்தும் குழந்தைகளுக்குத் தொற்று குறைவு.

மாவட்டச் சராசரி என்ற ஒற்றை எண் மறைப்பது இதைத்தான். ஊர்த் தெருவையும் காலனியையும் கூட்டி வகுத்தால் இரண்டுமே நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் புழு சராசரியில் வாழ்வதில்லை. சாக்கடை எந்தத் தெருவில் போய்த் தேங்குகிறதோ, குடிநீர் எந்தத் தெருவுக்குக் கடைசியாக வருகிறதோ, மனை சின்னதாக இருப்பதால் எந்த வீட்டில் கழிவறை கட்ட இடமில்லையோ, அங்கே அது வாழ்கிறது. நம் ஊர்களில் அந்த இடங்களைத் தீர்மானித்தது எது என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் 'சுகாதாரப் பழக்கம்' என்ற போதனையை நான் சந்தேகிக்கிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவு, நகம் வெட்டு, செருப்புப் போடு, கழிவறையைப் பயன்படுத்து. நான்கும் சரியான அறிவுரைகள், நான்கும் வேலை செய்பவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் தேவை. தண்ணீர் நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில், குடத்துத் தண்ணீரைக் குடிக்க வைப்பதா, கழுவத் தருவதா என்ற கணக்கை ஒவ்வொரு வீடும் தினமும் போடுகிறது. அந்தக் கணக்கைப் பழக்கக் குறைவு என்று அழைப்பது அநீதி.

செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு வாய்வழியாக மட்டும் வருவதில்லை. ஈரமண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. செருப்புதான் அதற்குத் தடை. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்று ஒரு பகுதி மக்களைத் தலைமுறைகளாகத் தடுத்த சமூகம் இது. பழங்கதை அல்ல. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகே ராஜாவூரில், அப்படித் தடுக்கப்பட்டிருந்த ஒரு தெருவில் தலித் மக்கள் செருப்பு அணிந்து நடந்தது 2023 டிசம்பரில். வெறுங்காலைச் சட்டமாக்கி வைத்தவர்கள் வெறுங்காலுக்குச் சுகாதாரம் கற்பிப்பது எப்படிப்பட்ட நியாயம்?

பள்ளிக் கழிவறையும் அப்படித்தான். ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானது 2022இல். புழுவின் பார்வையில் இதன் பொருள் என்ன? எல்லோரும் பயன்படுத்தும் கழிவறையின் அழுக்கைச் சில குழந்தைகளின் கைகள் மட்டும் ஏற்கின்றன. தொற்றைக் கூடப் பங்கிட்டுக் கொடுக்கிறது சாதி.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கொக்கிப்புழு பெரியவர்களிடமும் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளாக 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும் முகாமில் மாத்திரை தருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு முகாமில் இல்லை, முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு பரிசோதனையின்போது தனியாகத் தருவார்கள். நல்ல விரிவாக்கம். ஆனால் முப்பத்தைந்து வயதில் சோகையோடு ஆலைக்குப் போகும் அம்மாவும் அப்பாவும் பாட்டியும் கணக்கில் இல்லை. பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, ஊர் முழுவதற்கும் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியோடுதான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் பெரிய ஆய்வொன்றை நடத்தினார்கள். இந்தக் கேள்வி ஆமத்தூருக்கும் பொருந்தும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. முதலாவது, மாத்திரை நாளன்று எத்தனை பேர் தின்றார்கள் என்பதோடு, யார் வரவில்லை என்ற பட்டியலும் வேண்டும். பட்டியலில் இருக்கும் வீட்டுக்கு அங்கன்வாடிப் பணியாளரோ கிராமச் செவிலியரோ போக வேண்டும், அதுவும் ஆலை வேன் திரும்பிய பிறகு. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மலப் பரிசோதனை. ஒரு பள்ளிக்கு 50 குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து முட்டைகளை எண்ணினால், அந்தப் பள்ளியின் நிலை தெரிந்துவிடும். கொக்கிப்புழு முட்டை கண்ணாடித் தகட்டில் சீக்கிரமே கரைந்து மறைந்துவிடும் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். தாமதித்துப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. முடிவுகளைத் தெருவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும். எந்தத் தெருவில் புழு திரும்புகிறதோ, அந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீரும் மூடிய சாக்கடையும் கழிவறையும் வர வேண்டும். ஊராட்சி நிதியைப் பங்கிடும்போது அந்த எண்தான் மேசையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளிக் கழிவறைக்குக் கூலி கொடுத்து ஆள் வையுங்கள், கையுறையும் காலணியும் கொடுங்கள். எந்தக் குழந்தையின் கையிலும் துடைப்பம் இருக்கக் கூடாது.

அந்த அம்மாவிடம் நான் மிட்டாய் காரணமில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எதுனால வருது?" என்றார். வீட்டு வாசலை ஒட்டி ஓடிய சாக்கடையைக் காட்டினேன். "இதுக்கு மூணு தடவ மனு குடுத்தாச்சே" என்றார். அடுத்த கிராம சபையில் அந்த மனுவோடு பையனின் மலப் பரிசோதனைச் சீட்டும் சேர்ந்து போக வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.