ஊசி போடுவோம்! உழைத்த கூலியைப் பிடிக்க விடமாட்டோம்!

மேட்டூர் அனல் மின் நிலையத்திலும் ரசாயன ஆலைகளிலும் உழைக்கும் நிரந்தர, ஒப்பந்தத் தோழர்களே!

2021 டிசம்பரை மறந்துவிடாதீர்கள். கொரோனா தடுப்பூசி போடாத ஊழியருக்குச் சம்பளம் கிடையாது என்று மின்வாரியத்தின் மதுரை மண்டலத்தில் சுற்றறிக்கை வந்தது. நாளை இன்னொரு தொற்று வந்தால் அதே வாசகம் நம் கேட்டிலும் ஒட்டப்படலாம். அன்று பதறாமல் இருக்க இன்றே தயாராவோம்.

முதலில் நம் நிலையைத் தெளிவாகச் சொல்வோம். தடுப்பூசி உயிர் காக்கிறது. நாமும் போடுவோம், வீட்டாருக்கும் போடுவோம். தயங்கும் தோழரிடம் பேசிப் புரியவைப்பது சங்கத்தின் வேலை. அவர் அடுப்பை அணைத்து ஊசிக்கு இழுத்துப்போகும் அதிகாரத்தை மட்டும் எந்த நிர்வாகத்துக்கும் தர மாட்டோம்.

இந்த எல்லையை உச்ச நீதிமன்றமே வகுத்திருக்கிறது. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் தீர்ப்பளித்தார்கள். அரசின் தடுப்பூசிக் கொள்கையில் அவர்கள் குறை காணவில்லை. ஆனால் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின்படி யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றார்கள். பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம். அதற்குச் சட்ட அடிப்படை, நியாயமான தேவை, தேவைக்கு மிஞ்சாத அளவு ஆகிய மூன்றும் வேண்டும். ஊசி போடாதவரால் மற்றவரைவிட அதிகமாக நோய் பரவுகிறது என்று காட்டும் தரவை எந்த அரசும் முன்வைக்கவில்லை. தொற்றும் அப்போது குறைந்திருந்தது. எனவே கட்டுப்பாடுகளை மறுபரிசீலனை செய்யுமாறு தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்தே நீதிமன்றம் சொன்னது.

தோழர்களே, தீர்ப்பின் மறுபக்கத்தையும் படியுங்கள். அது அன்றைய நிலவரத்துக்கான தீர்ப்பு. பரவலையே தடுக்கும் ஊசியோடு கொடிய தொற்று ஒன்று வந்தால், கட்டுப்பாடு நியாயமென்று நீதிமன்றம் சொல்லக்கூடும். முகக்கவசம், இடைவெளி போன்ற முன்னெச்சரிக்கைகளையும் அந்தத் தீர்ப்பு தொடவில்லை. கதவடைத்த ஏ.சி. கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் முழுக்க ஒன்றாக உட்காரும் நாம், "என் உரிமை" என்று கவசத்தைக் கழற்றினால் பக்கத்துத் தோழரைத்தான் ஆபத்தில் தள்ளுகிறோம். அதைச் செய்யாதீர்கள்.

இனி கூலிக்கு வருவோம். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் பட்டியல் போட்டது. அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் பட்டியல் உண்டு. இரண்டிலும் 'ஊசி போடாமை' இல்லை. உழைத்து முடித்த மாதத்தின் கூலியை நிறுத்த நிர்வாகத்துக்கு வழியில்லை.

ஆனால் வேலைக்கு வராத நாளுக்குப் பிடிக்கலாம். நிர்வாகம் இந்த ஓட்டையில்தான் நுழையும்: கேட்டில் நிறுத்திவிட்டு, 'ஆப்சென்ட்' என்று எழுதும். ஆகவே ஊசி போடாத தோழர் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஷிப்ட் நேரத்துக்குக் கேட்டுக்கு வரட்டும். திருப்பி அனுப்பினால் தேதி, நேரம், காரணம் மூன்றையும் எழுத்தில் கேட்கட்டும். தர மறுத்தால், நடந்ததை அவரே எழுதி, இரண்டு தோழர்களின் சாட்சிக் கையெழுத்தோடு அன்றே பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் நிர்வாகத்துக்கு அனுப்பட்டும். அவர் வரவில்லை என்ற பதிவை இந்தக் காகிதம் பொய்யாக்கும். தொழிலாளர் துறையில் கூலி கேட்கும்போது இதுவே ஆதாரம்.

நோட்டீஸ் ஒட்டிய அன்றே சங்கம் எழுத்தில் நான்கு கேள்வி கேட்கட்டும். எந்தச் சட்டத்தின் கீழ் இந்த உத்தரவு? எந்த மருத்துவத் தரவு அடிப்படை? ஒவ்வாமை உள்ளவருக்கு என்ன விலக்கு? பரிசோதனை, வேறு இடத்தில் வேலை போன்ற மாற்று வழி ஏன் இல்லை? பொதுச் சுகாதாரச் சட்டப்படி அரசு உத்தரவு இருப்பதாகச் சொன்னால், அதன் நகலை வாங்குங்கள். சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லும் வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கவசத்துக்கும் பரிசோதனைக்கும் காசு யாருடையது? பணியிடப் பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது, நாம் எதிர்க்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றே. நிலக்கரி கன்வேயரில் நிற்கும் ஒப்பந்தத் தோழர் தன் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டிருக்க, நிரந்தரத் தோழருக்கு மட்டும் கவசம் வந்தால், நிரந்தரத் தோழரே முதல் குரல் கொடுக்க வேண்டும்.

அந்தத் தொகுப்புகளில் இன்னொன்றின்படி 300 பேருக்குக் குறையாத ஆலைகளில் நிலையாணைகள் எழுதப்படவிருக்கின்றன. வரைவைச் சங்கத்தோடு பேசித்தான் முடிக்க வேண்டும். அந்த மேசையில் இந்த மூன்று வரிகளையும் எழுத வைப்போம்: ஊசிக்காகக் கூலி பிடிப்பதில்லை, ஊசிக்கும் அதன் காய்ச்சலுக்கும் சம்பளத்தோடு விடுப்பு, தொற்றுக்கால உத்தரவு எதுவும் சங்கத்தோடு பேசிய பிறகே.

ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இருவர், ஒப்பந்தத் தோழர் ஒருவர் கட்டாயம், இந்த வாரமே சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நோய் வரும் வரை காத்திருந்தால் நோட்டீஸ் முந்திக்கொள்ளும். வாருங்கள் தோழர்களே, நாம் முந்துவோம்!