பேசத்தானே, பழைய போன் போதாதா?

"அம்மா பேசத்தானே போறாங்க, நம்ம பழைய போனே போதும்." இதைச் சொல்லாத வீடு இல்லை. நானும் சொன்னவன்தான். அது தவறு.

அம்மா இப்போது போனில் பேச மட்டுமா செய்கிறார்? பென்ஷன் வந்ததா என்று பார்க்கிறார், சிலிண்டர் பதிகிறார், மருந்துக் கடைக்குப் பணம் அனுப்புகிறார். அந்தப் பணத்துக்குப் பூட்டு, போனுக்கு வரும் பாதுகாப்பு அப்டேட். நான் கொடுத்த போனில் Settings, About phone, Android version என்று போய்ப் பார்த்தேன். Android security update என்ற இடத்தில் இருந்த தேதி மூன்று வருடம் பழையது. பூட்டில்லாத பெட்டியில் அம்மாவின் பென்ஷனை வைத்திருந்தேன்.

புதிதாக வாங்குகிறவர்களும் ஆஃபரில் ஏமாறுகிறார்கள். அப்டேட் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. நான்கு வருட அப்டேட்டோடு 2023 ஜனவரியில் வந்த ஒரு போனை 2025 தீபாவளிக்கு 13,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், மிச்சம் பதினைந்து மாதம். மாதத்துக்கு 870 ரூபாய் ஆகிறது. 2024 அக்டோபரில் வந்த சாம்சங் ஏ16 5ஜி-க்கு ஆறு வருடம் உண்டு. அதே தீபாவளிக்கு 17,000 கொடுத்திருந்தாலும் ஐந்து வருடம் மிச்சம், மாதம் 300 ரூபாய்கூட இல்லை. எது மலிவு?

பேட்டரி எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த விலையில் பெரும்பாலான போன்களில் 5000 எம்ஏஎச்சோ அதற்கு மேலோ இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்ததும் மாற்ற என்ன செலவு, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா என்று கேளுங்கள்.

திரையைக் கடைக்குள் நின்று பார்க்காதீர்கள். வயதானால் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. எழுத்தைப் பெரிதாக்கி, போனை வாசல் வெயிலில் அம்மா கையில் கொடுங்கள். அவர் கண்ணைச் சுருக்காமல் படித்தால் அது நல்ல திரை. ஓரம் வளைந்த திரை வேண்டாம், பிடிக்கும்போதே விரல் பட்டு ஏதாவது திறந்துகொள்ளும்.

நான் அம்மாவுக்குக் கொடுத்த அந்தப் பழைய போன் ஒருநாள் கீழே விழுந்தது. ஒரிஜினல் டிஸ்ப்ளே வருவதில்லை என்றார்கள். தெருமுனைக் கடையில் காப்பி டிஸ்ப்ளே போட்டோம். திரை மங்கியது, திரைக்குள் இருந்த கைரேகை சென்சாரும் செத்தது. பின் நம்பரை மறந்துவிடும் அம்மா, தன் போனைத் திறக்கப் பக்கத்து வீட்டுப் பையனிடம் அந்த நம்பரைச் சொல்லி வைத்தார். எனக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து டிஸ்ப்ளே விலையைக் கேளுங்கள். போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். இன்று இரவு அம்மாவின் போனை வாங்கி, அந்தப் பாதுகாப்பு அப்டேட் தேதியை ஒருமுறை பாருங்கள்.